எகிப்துல நெருக்கடி அதிகமா, வங்கதேசத்துலயா? அடர்த்தி பத்தின கேள்வி பதில்

கே: அரித்மெடிக் டென்சிட்டி, பிசியாலஜிகல் டென்சிட்டி ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுற மாதிரி ஒரு நாடு சொல்லுங்க சார்.

ப: எகிப்து. பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர், ஜனங்க 10.5 கோடின்னு வச்சுக்குங்க, மொத்தப் பரப்பால வகுத்தா சதுர கிலோமீட்டருக்கு 105 பேர், இதுதான் அரித்மெடிக் டென்சிட்டி. வங்கதேசத்துல 17 கோடி பேரை 1.48 லட்சத்தால வகுத்தா 1,150 கிட்ட வரும். இதை மட்டும் பார்த்தா எகிப்து காத்தாட இருக்குன்னு தோணும். ஆனா அங்க முக்காவாசிக்கு மேல பாலைவனம், பயிர் வைக்கிற நிலம் நைல் ஓரமும் டெல்டாவுமா சேர்த்து ஏறக்குறைய 40,000 சதுர கிலோமீட்டர்தான். அதே 10.5 கோடியை இந்தப் பயிர் நிலத்தால மட்டும் வகுங்க, 2,625, இதுதான் பிசியாலஜிகல் டென்சிட்டி. வங்கதேசத்துல பயிர் நிலம் 80,000 கிட்ட இருக்கு, அதனால 2,125 தான் வருது. வரிசையே தலைகீழா மாறிடுச்சு பாருங்க.

கே: வயல்ல வீடு கட்டுனா எந்த நம்பர் மாறும்?

ப: ரொம்ப நல்ல கேள்வி. 2011-க்கு அப்புறம் டெல்டாவுல அனுமதி இல்லாம வயல்ல கட்டடம் எழும்புறது ரொம்ப அதிகமாச்சு. பேச்சுக்கு 400 சதுர கிலோமீட்டர் போச்சுன்னு வைங்க, நாட்டோட பரப்பு குறையாது, அதனால 105 அப்படியே நிக்கும். கீழ 40,000 இருந்த இடத்துல 39,600 ஆயிடும், 2,625 வந்து 2,650 ஆகும். ஒரு குழந்தை கூட புதுசா பிறக்காமலேயே ஏறுது. நிலம் கை நழுவுறதை முதல் நம்பர் காட்டவே காட்டாது.

இதுலயே ஒரு வம்பும் இருக்கு. பாலைவனத்தைத் திருத்தி புது வயல் ஆக்குனா கீழ இருக்கிற நம்பர் பெருத்து அடர்த்தி குறையும், ஆஹா நெருக்கடி தணிஞ்சிடுச்சுன்னு அறிக்கை எழுதிடுவாங்க. ஆனா தண்ணி? 1959 ஒப்பந்தப்படி நைல்ல எகிப்தோட பங்கு வருஷத்துக்கு 5,550 கோடி கன மீட்டர், புது வயலுக்கும் பெரும்பாலும் அதுலேர்ந்துதான் எடுத்தாகணும். நிலக் கணக்கு இறங்கும்போதே தண்ணிக் கணக்கு இறுகலாம்.

கே: எங்க குடும்பத்துக்கு ரெண்டு ஏக்கர், ஆறு பேர். எங்க டென்சிட்டி என்ன அண்ணே?

ப: வகுத்தா 740 சொச்சம் வரும், ஆனா அதுக்கு அர்த்தம் இல்ல தம்பி, இது ஒரு நாட்டுக்கான கணக்கு.

கே: எகிப்துல வருஷத்துக்கு ரெண்டு போகம், அப்போ நிலம் ரெண்டு மடங்குதானே? உங்க 2,625 தப்பு, பாதியாக்கணும்.

ப: பாதி சரி. குளிர்காலத்துல கோதுமை, பெர்சீம் தீவனம், கோடையில மக்காச்சோளம், நெல்லுன்னு ஒரே வயல் ரெண்டு தடவை வேலை செய்யுது, பிசியாலஜிகல் கணக்கு அதை ஒரு வயலாத்தான் எண்ணும். ஆனா எகிப்துக்கு மட்டும் சலுகை குடுத்தா எப்படி? வங்கதேசத்துலயும் ஆமன் நெல், அப்புறம் போரோ நெல்லுன்னு ரெண்டு போகம் வருது. ரெண்டு பக்கமும் பாதியாக்குனா வரிசை மாறாது.

அதே ஆள்: அப்போ ஜப்பான்? 12.4 கோடி பேர், பயிர் நிலம் 43,000 கிட்ட. எகிப்தை விட நெருக்கடின்னு சொல்வீங்களா?

ப: நம்பர் 2,880 வருது, எகிப்தை விட ஜாஸ்திதான். ஆனா ஜப்பான்ல வயலை கவனிக்க ஆள் இல்லாம தரிசா விடுறாங்க! அங்க வேலைக்குப் போறவங்கள்ல விவசாயம் பண்றவங்க 3 சதவீதம் சொச்சம், எகிப்துல அஞ்சுல ஒருத்தர். ஜப்பான் சாப்பிடுற கலோரியில சுமார் 38 சதவீதம்தான் சொந்த மண்ணுலேர்ந்து வருது, மீதி வேற நாட்டு வயல். அதனால 2,880-ங்கிறது அந்த மண்ணு தாங்குற பாரம் இல்ல, தாங்க வேண்டி வந்தா எவ்வளவு இருக்கும்ங்கிற கணக்கு.

இன்னொருத்தர் நடுவுல: எகிப்தும்தானே கோதுமையைக் கப்பல்ல இறக்குது, அப்போ இந்த நம்பரே வேஸ்ட்!

ப: வேஸ்ட் இல்லீங்க. வெளியிலேர்ந்து வாங்கக் காசு இருக்கிற வரைக்கும் ஜப்பான் மாதிரி சமாளிக்கலாம், டாலர் தட்டுப்பாடு வந்தா அதே நம்பர் வேற மாதிரி கடிக்கும். எந்த அளவுக்குன்னு ஒரு வகுத்தல்ல சொல்ல முடியாது, நீங்க ரெண்டு பேரும் இன்னும் சண்டை போடலாம்.

கே: சார் பிசியாலஜிகல்னா என்ன, அரித்மெடிக்னா என்ன?

ப: முதல் பதில். மேல. ப்ளீஸ்.

கே: நான் ஒரு நாட்டுக்குப் போட்டேன், புத்தகத்துல இருக்கிறதை விட ரொம்பக் குறைச்சலா வருது, ஏன்?

ப: கீழ எதைப் போட்டீங்க? "விவசாய நிலம்"னு இருக்கிற வரியை எடுத்திருப்பீங்க, அதுல மேய்ச்சல் நிலமும் சேந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது "பயிர் நிலம்" வரி. அதுலயும் தோப்பு, தேயிலை மாதிரி நிரந்தரப் பயிரை ஒரு அட்டவணை சேர்க்கும், இன்னொண்ணு சேர்க்காது. ரெண்டு நாட்டை ஒப்பிட்டா ஒரே அட்டவணையிலேர்ந்து எடுங்க, இதை நான் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். ஹெக்டேரா இருந்தா நூறால வகுத்து சதுர கிலோமீட்டர் ஆக்குங்க.

கே: சிங்கப்பூருக்கு எவ்வளவு சார்?

ப: பயிர் நிலம் கிட்டத்தட்ட பூஜ்யம், வகுத்தா வானத்தைத் தொடும். அதை யார் கூடவும் ஒப்பிடாதீங்க.