ஏற்பு உத்தரவு வரும் முன் விலகினால் இ.எம்.டி. போய்விடுமா?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத்தில் 40 லட்சம் ரூபாய் தார்ச்சாலை வேலைக்கு 40,000 ரூபாய் இ.எம்.டி., அதாவது முன்வைப்புத் தொகை, கட்டி டெண்டர் போட்டேன். கடைசி நாள் பிப்ரவரி 10. ஜல்லி விலையைத் தப்பாகப் போட்டுக் குறைத்துவிட்டேன், நான்தான் எல்-1, எல்லாரையும்விடக் குறைந்த விலை என்னுடையதுதான். இன்னும் ஏற்பு உத்தரவு வரவில்லை. இப்போது விலகினால் பணம் கிடைக்குமா?

பதில்: இப்போதே விலகல் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்காது. கடைசி நேரம் முடிவதற்குள் போர்ட்டலில் விலகியிருந்தால் சிக்கலில்லை. அந்த வாசல் பிப்ரவரி 10-ஆம் தேதியே மூடிவிட்டது.

"ஏற்கும் வரை எவரும் பின்வாங்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்கிறதே" என்று பலர் வாதிடுவார்கள். விலகும் உரிமை உண்டுதான். ஆனால் குறிப்பிட்ட நாள்வரை விலக மாட்டேன் என்ற வாக்குறுதிக்குத்தான் இ.எம்.டி. வாங்குகிறார்கள். நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கங்கா எண்டர்பிரைசஸுக்கும் இடையிலான வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: விலகலாம், நிபந்தனை இருந்தால் பணம் பறிமுதல் ஆகும். விலையைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினாலும் கதை அதேதான். நிறைய பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஆகவே டெண்டர் ஆவணத்தில் செல்லத்தக்க காலம் எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கு என்று பாருங்கள். 90 நாள், கடைசி நாளிலிருந்து கணக்கு என்று வைத்துக்கொண்டால் மே 11 வரை நீங்கள் கட்டுப்பட்டவர். மே 8-இல் ஏற்பு உத்தரவை அனுப்பிவிட்டால், அது உங்கள் கைக்கு மே 13-இல் வந்தாலும் தப்பிக்க முடியாது. தபாலில் போட்டதுமே ஏற்பு உங்களைக் கட்டுப்படுத்தும். பிறகு பாதுகாப்பு வைப்பு கட்டாமலோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலோ இருந்தால் 40,000 போய்விடும்.

மே 11-க்குள் உத்தரவு கிளம்பவில்லை என்றால் நிலைமை மாறுகிறது. வழக்கமாக அதற்கு முன்பே, காலத்தை நீட்டிக்கச் சம்மதம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். நீட்டிக்க மறுப்பவரின் இ.எம்.டி.யைத் திருப்பித் தருவதே வழக்கமான நிபந்தனை; உங்கள் ஆவணத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நீட்டிப்புக்குச் சம்மதமில்லை" என்று மட்டும் பதில் எழுதுங்கள். காரணமோ ஜல்லி விலையோ அதில் வர வேண்டாம்.

அதற்குள் உத்தரவு வந்துவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலையில் 3 லட்சம் நஷ்டம் என்றால் 40,000-ஐ விடுவது மலிவாகத் தெரியும். ஆனால் சில ஆவணங்களில் கருப்புப் பட்டியலும் சேர்த்தே எழுதியிருக்கும். நோட்டீஸ் கொடுத்து உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் அதில் சேர்க்க முடியாது என்றாலும், சேர்த்துவிட்டால் அடுத்த டெண்டர்களும் போகும். 50,000 ரூபாய்க்குள் நஷ்டம் என்றால், வேலையைச் செய்துவிடுங்கள்.