குடிநீர்த் திட்டத்துக்கு எந்தக் கழிவு விகிதம் சரி?

"ஒரே குடிநீர்த் திட்டம் 4% கழிவு விகிதத்தில் லாபம், 8%-இல் நஷ்டம் என்கிறார்கள். எதை நம்புவது?"

கழிவு விகிதம் என்பது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று குறைக்கும் விகிதம். செலவு இன்றே, பலன் மெல்ல மெல்ல வருவதால்தான் இந்த வித்தியாசம். இன்று 100 போட்டு, 30 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 8 நிகரப் பலன் என்று வைப்போம். 4%-இல் அதன் இன்றைய மதிப்பு 138, 8%-இல் 90. சுமார் 6.9% தான் எல்லைக்கோடு.

சமூகத்துக்கான கழிவு விகிதத்தைப் பலர் r = δ + ηg என்று கணக்கிடுகிறார்கள். பொறுமையின்மை δ 1%, நுகர்வு வளர்ச்சி g 2%, கூடுதல் வருமானத்தின் அருமை குறையும் வேகம் η 1.5 என்றால் 4% வரும். பொதுப்பணம் வேறு எங்கே எவ்வளவு ஈட்டும் என்று பார்ப்பவர்கள் இதைவிட உயர்ந்த விகிதம் கேட்பார்கள். அதுவும் நியாயமான வாதமே.

ஆனால் முதலில் அந்த 8%-இல் பணவீக்கம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பலனை இன்றைய விலையில் எழுதிவிட்டு, பணவீக்கம் சேர்ந்த வட்டியால் கழித்தால் நல்ல திட்டமும் தோற்கும். அப்புறம், பலன் என்பது வெறும் கட்டண வசூலா? தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கு மிச்சமாகும் நேரமும் அதில் சேர வேண்டும்.