மாமனாருக்கு ஒரு பதில், ஊராருக்கு ஒரு பதிலா?

"ஆன்லைனில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட் டீம் லீடாக இருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்லட்டும் என்று டெம்ப்ளேட் எழுதிக் கொடுத்தேன். 'மிஷின் மாதிரி பேசாதீங்க' என்று கஸ்டமர்கள் திட்டுகிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போன மாதம் என் மாமனாருக்கே யுபிஐயில் பணம் போய், ஆர்டர் விழவில்லை. நல்லவேளை, நானே பார்த்து விவரம் சொன்னேன். அவரும் நிம்மதியானார். டெம்ப்ளேட்டில் அன்பு தெரிய எப்படி எழுதுவது?"
- டீம் லீட், சென்னை

மாமனாரிடம் என்ன சொன்னீர்கள்? 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்' என்றா? இல்லையே. பணம் எங்கே நிற்கிறது, எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் நிம்மதியானார். அந்த மூன்றையும் மற்றவர்களுக்கு ஏன் சொல்லவில்லை? உங்களுக்கு எழுதுகிறவர்களும் யாரோ ஒருவருக்கு மாமனார்தான். வீட்டுப் பெரியவருக்கு விவரம், ஊரார் வீட்டுப் பெரியவருக்கு வருத்தம் மட்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அன்பு பற்றாக்குறை என்று நினைக்கிறீர்கள். பற்றாக்குறை விவரத்தில்தான்.

உங்கள் டெம்ப்ளேட்டில் '5 முதல் 7 வேலை நாட்களில் பணம் திரும்பும்' என்று ஒரு வரி இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அந்த ஒரே வரி மூன்று வேறு வேறு பிரச்சினைகளுக்குப் போகிறது. பணம் கழிந்து ஆர்டரே பதிவாகாதது ஒன்று. ஆர்டரை ரத்து செய்து நீங்கள் ரீஃபண்ட் அனுப்பிவிட்டது இன்னொன்று. திருப்பி அனுப்பிய பொருள் இன்னும் உங்கள் கோடவுனில் சோதனைக்குக் காத்திருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் ரீஃபண்ட் புறப்படவே இல்லை, ஆனால் கஸ்டமர் நாள் எண்ணிக்கொண்டிருப்பார். மூன்றுக்கும் தனித்தனி டெம்ப்ளேட் வேண்டும்.

உங்கள் மாமனாரின் பிரச்சினை முதல் வகை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே கெடு வைத்துவிட்டது. யுபிஐயில் கடைக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். இந்த 5 நாள் காலண்டர் நாள். 'வேலை நாள்' என்று எழுதினால் அது தப்பு. உங்கள் டீமில் ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் சொன்னால், கஸ்டமர் இரண்டையும் நம்ப மாட்டார்.

ஆகவே இப்படி எழுதுங்கள்:

"ஐயா, மார்ச் 3 அன்று நீங்கள் செலுத்திய ரூ.1,850-க்கு எங்களுக்கு உறுதி வரவில்லை, அதனால் ஆர்டர் பதிவாகவில்லை. பணம் மார்ச் 8-க்குள் உங்கள் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். வராவிட்டால் 9-ஆம் தேதி உங்கள் யுபிஐ ஆப்பில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணுடன் வங்கியில் புகார் கொடுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு."

இதில் 'வருந்துகிறோம்' இல்லை, ஆனாலும் மனிதர் எழுதியதாகத்தான் படும். கஸ்டமர் விரல்விட்டு எண்ண வேண்டாம், நீங்களே தேதியை எண்ணிப் போட்டிருக்கிறீர்கள். 'திரும்பும்' என்று சத்தியமும் செய்யவில்லை, 'திரும்ப வேண்டும்' என்றிருக்கிறது. ஏனென்றால் பணம் உங்கள் கையில் இல்லை.

தொகை, தேதி, கெடு, அடுத்து என்ன செய்வது ஆகிய நான்கையும் யாரும் கை வைக்காதபடி பூட்டுங்கள். முதல் வரியை மட்டும் திறந்து விடுங்கள். கஸ்டமர் எழுதியதில் ஒரு விஷயத்தை எடுத்து ஊழியர் தன் வார்த்தையில் அதை எழுதட்டும். மிக்ஸி அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என்று ஒருவர் எழுதியிருந்தால், 'கல்யாணத்துக்குள் பொருள் வேண்டுமென்றால் இப்போதே மறுபடி ஆர்டர் போடலாம், பழைய பணத்துக்குக் காத்திருக்க வேண்டாம்' என்று சொல்வதுதான் கரிசனம். எழுத ஒன்றுமில்லை என்றால் முதல் வரியே வேண்டாம். செயற்கையாகக் குழைய வேண்டியதில்லை.

அப்புறம், டெம்ப்ளேட்டை ஆளாளுக்குத் தங்கள் நோட்பேடில் காப்பி எடுத்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விதியை மாற்றிய பிறகும் பழைய கெடு ஏதோ ஒரு நோட்பேடிலிருந்து போய்க்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் ஒரே பிரதி, அதன் தலையில் கடைசியாகத் திருத்திய தேதி. அவ்வளவு போதும்.

பதில் போன பிறகு அதே டிக்கெட்டில் 'எப்போ வரும்?' என்று எத்தனை பேர் திரும்பக் கேட்கிறார்கள் என்று வாரம் ஒரு முறை பாருங்கள். அது குறையவில்லை என்றால் டெம்ப்ளேட் இன்னும் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது. ஒரே ஆள் மூன்றாவது முறை எழுதினால் எந்த டெம்ப்ளேட்டும் போகக் கூடாது. போனை எடுத்து நீங்களே பேசுங்கள்.