“உங்க புராஜெக்ட் பத்திச் சொல்லுங்க”: முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

முதல் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் செல்ஃப் இன்ட்ரோவைத்தான் உருப்போடுகிறார்கள். ஊர், குடும்பம், பலம், பலவீனம் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்து வரும் கேள்விதான் நேரம் எடுக்கும்: இறுதியாண்டு புராஜெக்ட். வேலை அனுபவம் இல்லாத ஒருவரிடம், அவரே கையால் செய்ததாகச் சொல்லும் ஒரு வேலையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இன்டர்வியூ எடுக்கும் எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். எச்.ஆர். சுற்றானாலும் டெக்னிக்கல் சுற்றானாலும் அங்கேதான் வந்து நிற்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஈ.சி.இ. படித்த மாணவி. நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி. ஆர்டுயினோ போர்டு, ஈரப்பத சென்சார், ரிலே, சின்ன மோட்டார். ரெஸ்யூமில் “ஐ.ஓ.டி. அடிப்படையிலான ஸ்மார்ட் பாசன அமைப்பு” என்று எழுதியிருக்கிறது.

முதல் சிக்கல் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. ஐ.ஓ.டி. என்றால் கருவி இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும். அப்படி எழுதினால், “டேட்டா எங்கே போகிறது? வைஃபை மாட்யூல் எது?” என்று கேட்போம். “இல்ல சார், நெட் கனெக்‌ஷன் கொடுக்கல” என்று பதில் வந்தால், மிச்ச ரெஸ்யூமையும் சந்தேகத்தோடுதான் படிப்போம். இணைய இணைப்பு இல்லையென்றால் “தானியங்கிப் பாசன அமைப்பு” என்று எழுதினாலே போதும், யாரும் அதைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. ரெஸ்யூமில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேள்விக்கு நீங்களே திறந்துவிடும் கதவு. பதில் சொல்ல முடியாததை எழுதாதீர்கள்.

இரண்டாவது சிக்கல் ‘நாங்கள்’. “நாங்க சென்சார் கனெக்ட் பண்ணோம், நாங்க கோட் எழுதினோம், நாங்க டெஸ்ட் பண்ணோம்” என்று முழுப் பதிலும் போகும். பணிவாகப் பேசுகிறோம் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் வேலை கொடுக்கப்போவது நாலு பேருக்கல்ல, உங்கள் ஒருவருக்கு. “இதில் நீங்க என்ன பண்ணீங்க?” என்று கேட்டதும் தடுமாறினால், மற்றவர்கள் செய்தார்கள், இவர் கூட நின்றார் என்றுதான் எழுதிக்கொள்வோம்.

அந்த மாணவியின் பதில் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும். ஆங்கிலத்தில் சொல்லும்போதும் இதே போலச் சின்னச் சின்ன வாக்கியமாகவே சொல்லலாம்.

“மண் காய்ந்திருக்கும்போது மட்டும் மோட்டார் ஓட வேண்டும் என்பதுதான் தேவை. சென்சார் ஈரத்தை அளக்கும். ஆர்டுயினோ அதைப் படித்து ரிலே வழியாக மோட்டாரைப் போடும், நிறுத்தும். குழுவில் நாலு பேர். சென்சார் அளவைப் படிக்கிற கோடும், எந்த அளவில் மோட்டார் ஓட வேண்டும் என்று முடிவு செய்ததும் என் வேலை. முதலில் 600 என்று ஒரே எல்லை வைத்தேன். அளவு 598, 603 என்று மாறிக்கொண்டே இருந்ததால் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மண் காய்ந்து 700-க்கு மேல் போனால் ஓடு, நனைந்து 500-க்குக் கீழ் வந்தால் நில் என்று இரண்டு எல்லை வைத்தேன். சரியாகிவிட்டது.”

ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற பதில் இது. இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். தேவை என்ன, எப்படி வேலை செய்கிறது, என் பங்கு எது, எது கெட்டுப்போனது, எப்படிச் சரிசெய்தேன். கடைசி இரண்டும்தான் எங்களுக்கு முக்கியம். ரிலே டக்டக்கென்று அடித்ததைக் காதால் கேட்டவர்தான் அதைச் சொல்ல முடியும். “எல்லாம் நல்லா வொர்க் ஆச்சு சார்” என்ற பதிலில் எங்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது.

இதற்குப் பிறகு வரும் கேள்விகளையும் முன்கூட்டியே யூகிக்கலாம். “700 எப்படி வந்தது?” காய்ந்த மண்ணிலும் நனைந்த மண்ணிலும் சென்சாரைச் செருகிப் பார்த்துக் குறித்திருந்தால் அந்த எண்களைச் சொல்லுங்கள். ஆர்டுயினோ யூனோ காட்டும் அளவு 0 முதல் 1023 வரை. இந்த விலை குறைந்த சென்சாரில் மண் காயக் காய எண் கூடும். இதைத் தெரிந்து சொல்கிறவருக்கும் நெட்டில் பார்த்து 700 என்று போட்டவருக்கும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். “ரிலே எதற்கு, மோட்டாரை நேராகப் போர்டில் மாட்டக்கூடாதா?” போர்டில் ஒயர் மாட்டும் ‘பின்’ தரும் மின்னோட்டம் மோட்டாருக்குப் போதாது, அந்தப் ‘பின்’னும் கெட்டுப்போகும்.

பலரும் மாட்டிக்கொள்வது அடுத்த கேள்வியில்தான்: “மண்ணில் செருகிய சென்சார் முள்ளின் ஒயர் அறுந்துபோனால் என்ன ஆகும்?” பார்க்கச் சாதாரணமான கேள்வி. ஒயர் அறுந்தால் அந்த சென்சார் காட்டுவது கிட்டத்தட்ட 1023. அதாவது கருவிக்கு மண் ஒரேயடியாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மோட்டார் நிற்காமல் ஓடும், வயலில் தண்ணீர் தேங்கும். “ஒரு தடவைக்கு இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று கோடில் ஒரு வரம்பு வைக்கலாம்” என்று நீங்கள் சொன்னால் அங்கேயே மதிப்பெண் ஏறிவிடும். அந்த நேரத்தில் தோன்றவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். “அதை நான் யோசிக்கல, கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்” என்று அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, சத்தமாகவே யோசித்துக்காட்டுங்கள். தவறான பதிலை அடித்துச் சொல்வதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர்களும் நிறைய இருக்கிறீர்கள். எங்களுக்கு அது தெரியும். நானே செய்தேன் என்று சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும். அதற்குப் பதில் இன்டர்வியூவுக்கு முன்பு இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். போர்டை எடுத்து ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று தாளில் வரையுங்கள். புரோகிராம் கோடை வரிவரியாகப் படித்து ஒரே ஒரு இடத்தையாவது மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்புறம், “அடிப்படைக் கிட் வெளியில் வாங்கினோம், இந்த மாற்றத்தை நான் செய்தேன்” என்று தைரியமாகச் சொல்லலாம். அது பொய்யில்லை, கேள்வி கேட்டால் பதிலும் இருக்கும்.

மற்ற படிப்புக்காரர்களுக்கும் இதே வழிதான். கம்ப்யூட்டர் சயின்ஸில் “95 சதவீதத் துல்லியம்” என்று எழுதியிருந்தால், எத்தனை வரிசை டேட்டா, அந்தத் துல்லியம் பயிற்சிக்குக் கொடுத்த டேட்டாவிலா, தனியே எடுத்துவைத்த டேட்டாவிலா என்று கேட்போம். பி.காம். மாணவர் 100 பேரிடம் சர்வே கேள்வித்தாள் கொடுத்திருந்தால், அந்த 100 பேரை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்போம். தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்கினோம் என்றால் அப்படியே சொல்லுங்கள், அதனால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழகுவதற்கு ஒரே வழிதான் நான் சொல்வேன். உங்கள் பதிலைப் போனில் பதிவு செய்து, மறுபடி போட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். ‘நாங்கள்’ எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். பிறகு வெள்ளைத்தாளில் நாலு கட்டம் போட்டு, சென்சார், போர்டு, ரிலே, மோட்டார் என்று எழுதி அம்புக்குறி போட்டு, அரை நிமிடத்துக்குள் வரைந்து பழகுங்கள். ஆங்கிலம் திணறுகிற இடத்தில், “ஒரு படம் போட்டுக் காட்டலாமா?” என்று கேட்டுத் தாளை எங்கள் பக்கம் திருப்புங்கள். அதற்குப் பிறகு கேள்விகள் உங்கள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு அந்தப் படத்தின் மேல்தான் வரும்.