தீர்ப்பில் நம்ம பெயரே இல்லையே

கேள்வி: பாகப்பிரிவினை வழக்குத் தீர்ப்பை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் அத்தை திரும்பத் திரும்பக் கேட்கிறார். தமிழில்தான் இருக்கிறது, எனக்கே புரியவில்லை. எப்படி விளக்குவது?

உங்கள் அத்தை பிரதிவாதியாக இருப்பார், அந்த வீட்டிலேயே குடியும் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வீட்டைக் காலி பண்ணணுமா, வேண்டாமா. அதை முதலில் சொல்லிவிடுங்கள். வரிக்கு வரி படித்துக் காட்டினால் பயம்தான் ஏறும்.

நான் வக்கீல் இல்லை. ஒரு சிவில் வக்கீலிடம் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். "குமாஸ்தா எல்லாம் சட்டம் சொல்ல வந்துட்டான்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். நகல் பிரிவு வாசலில் நின்று தீர்ப்பு நகல் வாங்கி வந்தவன் நான், வக்கீல் இல்லை.

என் பெரியம்மா விஷயத்தைச் சொல்கிறேன். அவரும் இதேபோல்தான் அனுப்பினார். பெரியப்பாவின் தங்கை, அதாவது பெரியம்மாவின் நாத்தனார், அப்பா சொத்தில் பங்கு கேட்டுச் சார்பு நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. அந்த அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். அவர் மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். மூன்று மகன், ஒரு மகள். நடுமகனான பெரியப்பாவும் இறந்துவிட்டதால், அவர் இடத்தில் பெரியம்மாவும் இரண்டு பிள்ளைகளும் 3 முதல் 5 வரையிலான பிரதிவாதிகள்.

தீர்ப்பின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "தாவா சொத்துக்களில் வாதிக்கு 1/4 பாகம் பாத்தியம் உண்டு என முதல்நிலைத் தீர்ப்பாணை பிறப்பித்து உத்தரவிடப்படுகிறது. உறவுமுறையைக் கருத்தில் கொண்டு செலவுத்தொகை இல்லை."

போன் பண்ணினால் அதே கேள்வி, "என்னடா அர்த்தம்?" பேசப் பேசத்தான் அவர் மனதில் இருப்பது வெளியே வந்தது. "வாதிக்குக் கால் பங்குன்னு போட்டிருக்கு. நம்ம பேரே எங்கேயும் இல்லையேடா, அப்ப நமக்கு ஒண்ணும் கிடையாதா? செலவுத்தொகைன்னு வேற போட்டிருக்கே, நான் எங்க போவேன்?" அமீனா வந்து சாமானைத் தெருவில் தூக்கி வைப்பான் என்று பாத்திரங்களைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்.

செலவுத்தொகை விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. வழக்குச் செலவை யாரும் யாருக்கும் தர வேண்டாம், சொந்தக்காரர்கள் என்பதால் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்றேன். அடுத்தது அமீனா. முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும். எந்த அறை யாருக்கு, எந்த வயல் யாருக்கு என்று அதில் இருக்காது. அதை வைத்துக்கொண்டு யாரையும் வெளியேற்ற முடியாது. பிரித்துக் கையில் வாங்க வேண்டுமானால் இறுதித் தீர்ப்பாணை கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். அதில் நோட்டீஸ் வரும், வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார், அறிக்கை போடுவார், அதற்கு ஆட்சேபனை சொல்லலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நிறைவேற்று மனு, அமீனா எல்லாம்.

"நம்ம பேரே இல்லை" என்பதுதான் பெரிய முடிச்சு. அதற்குக் காரணம் சாதாரணமானது. பங்கு கேட்டு நீதிமன்றக் கட்டணம் கட்டியது நாத்தனார் மட்டும். பாக வழக்கில் பிரதிவாதியும் தன் பங்கைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதற்கு அவரும் கட்டணம் கட்ட வேண்டும். பெரியம்மா வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. மூத்த மச்சினர் "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதால் எதிர்வழக்குரைகூட தனியாகத் தாக்கல் பண்ணவில்லை. கேட்காத பங்கை நீதிமன்றம் பிரித்து எழுதவில்லை. அதற்காக மீதி 3/4 காற்றில் போய்விடாது. கணக்குப் போட்டுக் காட்டினேன்: நாலு பிள்ளைக்கும் ஆளுக்குக் கால். பெரியப்பாவின் கால் பங்கு மூன்றாகப் பிரிந்து பெரியம்மாவுக்கு 1/12, பிள்ளைகளுக்குத் தலா 1/12. "பன்னெண்டுல ஒண்ணா, அவ்வளவுதானா?" என்று அதற்கும் ஒரு சண்டை. பிள்ளைகளோடது சேர்ந்தால் அதே கால் பங்குதான் என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "பொறந்த வீட்டு மேலயே கேஸ் போட்டுட்டா பாரு" என்று எங்கள் குடும்பத்தில் அந்த நாத்தனாரைப் பேசாத பேச்சில்லை. அவர் கேட்டது சட்டப்படி அவருடையது. குடியிருக்கும் வீடாக இருந்தால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2005 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். என்னைத் துரோகி என்றாலும் சரி. வழக்குக் காகிதம் வந்தால் மட்டும் என் நம்பர் நினைவுக்கு வரும் இந்தச் சொந்தக்காரர்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள். நேரில் வந்து வைக்க ஆள் இல்லையாம். சரி, அதை விடுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

பயம் தெளிந்த பிறகு பார்க்க வேண்டியவை மூன்று. அதற்கு முழு நகலும் வேண்டும். பெரியம்மா அனுப்பியது முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான். பக்கத்து வீட்டுப் பையன் போன் ஆப்பில் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணியிருந்தான். எழுத்து பளிச்சென்று இருந்தது, ஊதா சீல் எல்லாம் காணாமல் போயிருந்தது. எல்லாப் பக்கத்தையும், பின்பக்கம் உட்பட, சும்மா கலர் போட்டோவாக எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஒன்று, உள்ளே எங்காவது "ஒருதலைப்பட்சம்" என்ற வார்த்தை இருக்கிறதா என்பது. பெரியம்மா நகலில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 3 முதல் 5 பிரதிவாதிகள் எதிர்வழக்குரை தாக்கல் செய்யாததால் ஒருதலைப்பட்சமாக்கப்பட்டனர். அதாவது இவர்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கை நடத்திவிட்டார்கள். மச்சினர் பார்த்துக்கொண்ட லட்சணம் அது. இதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனு போட வழி உண்டு.

இரண்டு, தாவா சொத்து விவரம். தீர்ப்பாணையோடு சர்வே நம்பர், நான்கெல்லை, விஸ்தீரணத்தோடு ஒரு பட்டியல் இருக்கும். பெரியப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு மனை உண்டு. அது அந்தப் பட்டியலில் நுழைந்திருந்தால் கதையே வேறு, அப்பீல் போட்டே ஆக வேண்டியிருக்கும். பெரியம்மாவிடம் பத்திரத்தை எடுக்கச் சொல்லி போனிலேயே நம்பர் நம்பராக ஒப்பிட்டோம். வீடும் நஞ்சையும் மட்டும்தான் இருந்தன, மனை இல்லை.

மூன்று, தேதி. இதில்தான் ஆட்கள் கோட்டை விடுவார்கள். சார்பு நீதிமன்றத் தீர்ப்பின் மேல் மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள். "இறுதித் தீர்ப்பு வரட்டும், மொத்தமாக அப்பீல் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல்நிலைத் தீர்ப்பாணையை அப்போதே அப்பீல் பண்ணாதவர், அதில் சொன்ன பங்கு தப்பு என்று இறுதித் தீர்ப்பாணை மீதான அப்பீலில் பேச முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 97.

அந்த 30 நாளை எண்ணத்தான் நகலில் இருக்கும் முத்திரை. நகல் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். நகல் எடுக்கத் தேவைப்பட்ட நாட்களை 30-இல் சேர்க்க மாட்டார்கள். உதாரணத்துக்குத் தீர்ப்பு மார்ச் 4 என்று வையுங்கள். நேராக எண்ணினால் ஏப்ரல் 3-உடன் கெடு முடிகிறது. மார்ச் 10-இல் நகல் மனு போட்டு 28-இல் தயாரானால், அந்த 19 நாள் கூடி ஏப்ரல் 22 ஆகும். கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அது நீதிபதி கையில் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் இறக்கிய பிரதியில் இந்த முத்திரை இருக்காது. படித்துப் பார்க்க அது போதும், அப்பீலுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும்.

எங்கள் பெரியம்மாவுக்கு அப்பீலும் வேண்டாம், ரத்து மனுவும் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கால் பங்கு என்ற கணக்கு சரி, சொத்துப் பட்டியலும் சரி. ஒருதலைப்பட்சத்தை ரத்து பண்ணி மறுபடி விசாரித்தாலும் அதே கால்தான் வரும். வக்கீலைப் பார்க்காமல் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். பார்த்தோம். தனியாக ஒரு வக்கீல், மச்சினரின் வக்கீல் இல்லை. அவரும் அதையே சொன்னார். நாத்தனார் இறுதித் தீர்ப்பாணை மனு போட்டபோது பெரியம்மா தன் பங்குக்கும் கட்டணம் கட்டி, தன் 1/12-ஐயும் பிள்ளைகளுடையதையும் சேர்த்து ஒரே இடத்தில் ஒதுக்கக் கேட்டார்.

உங்கள் அத்தை வழக்கில் எந்த நீதிமன்றம், அத்தை எத்தனையாவது பிரதிவாதி, மகள் பங்கா பேரன் பங்கா என்று எதுவும் தெரியாமல் இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். பரம்பரைச் சொத்தாக இருந்தால் பங்குக் கணக்கே மாறலாம்.

எங்கள் வழக்கில் கமிஷனர் வந்து அளந்துவிட்டார். கொல்லைப்புறத்தோடு சேர்ந்த பின்கட்டு பெரியம்மா பக்கம் வருவது போல அறிக்கை. கிணற்றை மட்டும் எல்லோருக்கும் பொதுவில் விட்டிருக்கிறார். அதற்கு மூத்த மச்சினர் ஆட்சேபனை போட்டிருக்கிறார், வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.