ஒரே நாளில் பாதியான கோடு

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஹெச்டிஎஃப்சி வங்கிப் பங்கின் விலையை ஐசிஐசிஐ வங்கிப் பங்கின் விலையால் வகுத்து, தினமும் எக்செல்லில் குறித்து வருகிறேன். 1.4-ஐ ஒட்டி இருந்த கோடு 2025 ஆகஸ்டில் ஒரே நாளில் 0.7-க்கு விழுந்துவிட்டது. ஹெச்டிஎஃப்சி மலிவாகிவிட்டது, வாங்கிப் போடலாம் என்கிறார் மச்சான். வாங்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: அதை வைத்து வாங்காதீர்கள். அந்த வாரம் ஹெச்டிஎஃப்சி வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. கையில் இருந்த ஒரு பங்கு இரண்டானது, விலை பாதியானது. ஒரு கிராம் தங்கத்துக்கு எத்தனை கிராம் வெள்ளி என்று பட்டறையில் பார்ப்பீர்களே, அதில் ஒருநாள் முதல் அரை கிராம் தங்கத்தின் விலையை எழுதினால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்திருக்கிறது. போனஸுக்கு முந்தைய ஹெச்டிஎஃப்சி விலைகள் எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துவிடுங்கள், பள்ளம் மறைந்துவிடும். டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தின் தேடல் பெட்டியில் கீழே உள்ளபடி அடித்தால் இந்தத் திருத்தம் செய்த கோடே வரும்:

```
NSE:HDFCBANK/NSE:ICICIBANK
```

இனி, நிஜமாகவே இறங்கிய கதைக்கு வருகிறேன். போனஸுக்கு முந்தைய விலைப்படி 2020 இறுதியில் இந்த விகிதம் 2.7-ஐ ஒட்டி இருந்தது. 2024 பிப்ரவரியில் 1.4-ஐ ஒட்டி வந்துவிட்டது. இடையில் ஒவ்வொரு இறக்கத்திலும் "இடைவெளி அதிகமாகிவிட்டது, திரும்பி வரும்" என்று ஹெச்டிஎஃப்சியை வாங்கி ஐசிஐசிஐயை விற்றவர்களுக்கு அடிதான். காரணம் தொழிலிலேயே இருந்தது. வாராக்கடன் சுமையிலிருந்து மீண்டு ஐசிஐசிஐ லாபத்தைப் பெருக்கியது. ஹெச்டிஎஃப்சி வங்கியோ 2023 ஜூலையில் தாய் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டதில், டெபாசிட்டை மிஞ்சிய கடன் சுமை வந்து சேர்ந்தது.

தற்காலிக விலகலா, முந்துபவரே மாறிவிட்டாரா என்று பிரித்தறிய, விகிதத்தின் மேலேயே 200 நாள் சராசரிக் கோட்டைப் போடுங்கள். சராசரி படுத்த மாதிரி கிடந்து, விகிதம் மட்டும் கீழே போயிருந்தால், செய்தி எதுவும் இல்லாத பட்சத்தில், அது திரும்பி வர வாய்ப்புண்டு. சராசரியே சாய்ந்து இறங்கினால் ஐசிஐசிஐதான் முந்துகிறது, எதிர்த்து நிற்காதீர்கள். ஆனால் சராசரி மெதுவாகத்தான் திரும்பும். திருப்பம் நடந்து சில மாதம் கழித்தே சொல்லும்.

விகிதத்தைத் தனியாகவும் பார்க்காதீர்கள். இரண்டு பங்கும் 100 ரூபாயில் தொடங்கி, ஒன்று 95-க்கும் மற்றது 80-க்கும் இறங்கினால் விகிதம் 1.19 ஆகிவிடும். கோடு ஏறுகிறது, முதல் பங்கு முந்துகிறது, அதை வாங்கியவருக்கு 5 ரூபாய் நஷ்டம். அதனால் விகிதத்துக்குக் கீழே இரண்டு பங்கின் சார்ட்டையும் தனித்தனியாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மச்சானிடமும் முதலில் அவற்றைக் காட்டுங்கள்.