மாதம் ஒரு சந்திப்பு: முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

கேள்வி: அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஆறு மாதம் வழிகாட்டும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை பேச வேண்டும். நேரத்தை அவரே சொல்லட்டும் என்று நினைக்கிறேன். போன முறை என்னிடம் வந்தவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். நானும் சொல்லாமலே விட்டுவிட்டேன். இந்தத் தடவை முதல் மின்னஞ்சலிலேயே நேரம் தவறக் கூடாது என்று எழுதினால் மிரட்டுவது போல இருக்குமா?

பதில்: முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். யாரும் தாமதமாக வராதபோது சொன்னால் அது ஏற்பாடு. இரண்டு தடவை தாமதமான பிறகு சொன்னால் அதுவே புகாராகிவிடும்.

ஆனால் நேரம் கேட்கும் விதத்தையும் கவனியுங்கள், தாமதம் பல சமயம் அங்கேதான் தொடங்குகிறது. “உங்களுக்கு எப்போது வசதி?” என்று மட்டும் கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர் “நீங்கள் சொல்லும் நேரம் சரிதான்” என்றுதான் எழுதுவார். மூத்தவரிடம் நேரம் குறிக்க அவ்வளவு தயக்கம். நீங்களே ஒரு நேரம் சொல்வீர்கள். அதற்கு முன்னால் அவருக்கு வேறு கூட்டம் இருந்தாலும் தலையாட்டிவிடுவார், பிறகு மாதாமாதம் அந்தக் கூட்டத்திலிருந்து ஓடி வருவார். அதனால் உங்களால் முடிகிற நாட்களையும் மணிகளையும் முதலில் சொல்லிவிட்டு, அதற்குள் அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

தேதியாகக் கேட்காதீர்கள். ‘15ஆம் தேதி’ என்று வைத்தால் ஏதோ ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கும். ‘நான்கு வாரத்துக்கு ஒருமுறை’ என்றால் ஆண்டுக்கு 13 தடவை வரும், ஒவ்வொரு தடவையும் மாதத்தில் இடம் மாறிக்கொண்டே போகும். ‘இரண்டாவது புதன்’ என்பது எல்லா மாதமும் வரும், மனதிலும் நிற்கும்.

இப்படி எழுதலாம்:

“பொருள்: மாதச் சந்திப்புக்கு நேரம் – வெள்ளிக்குள் பதில் தேவை

வணக்கம். நாம் மாதம் ஒருமுறை 45 நிமிடம் பேசலாம். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் காலை 10 முதல் 12 வரை, மாலை 3 முதல் 5 வரை என்னால் முடியும். மாதத்தின் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். ‘இரண்டாவது புதன், மாலை 4 மணி’ என்பது போல உங்களுக்கு ஒத்துவரும் இரண்டு நேரங்களை வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அந்த நேரங்களுக்கு முந்தைய அரை மணி நேரம் உங்களுக்கு வேறு கூட்டம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை உறுதி செய்து, ஆறு மாதத்துக்கும் காலண்டர் அழைப்பை நான் அனுப்புகிறேன்.

குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடிப்போம். தாமதமாகும் என்று தெரிந்தால் ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள், காத்திருக்கிறேன். செய்தி இல்லாமல் 10 நிமிடம் கடந்தால் அன்றைய சந்திப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வோம். வேறு நேரத்தை நீங்கள் எழுதிக் கேளுங்கள். சந்திப்பை வேறு நாளுக்கு மாற்ற வேண்டுமானால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். திடீர் அவசரம் என்றால் எப்போது சொன்னாலும் பரவாயில்லை. இதெல்லாம் எனக்கும் பொருந்தும்.”

இதில் ‘ஒழுக்கம்’, ‘பொறுப்பு’ போன்ற வார்த்தைகள் இல்லை. ‘எனக்கு நிறைய வேலை இருக்கிறது’ என்பதும் இல்லை. அவரது குணத்தைப் பற்றிப் பேசினால்தான் மிரட்டலாகத் தெரியும். எத்தனை நிமிடம் ஆனால் என்ன நடக்கும் என்று மட்டும் சொன்னால் அது இருவருக்கும் பொதுவான தகவல். கடைசி வரியை நீக்கிவிடாதீர்கள், நீங்கள் தாமதமாகும் நாளில் நீங்களும் செய்தி அனுப்பத்தான் வேண்டும்.

எழுதியதை முதல் தாமதத்திலேயே நடத்திக் காட்டுவதுதான் கடினம். அவர் செய்தி அனுப்பிவிட்டு 4.12க்கு வருகிறார் என்று வையுங்கள். முகம் சுளிக்காமல் பேசுங்கள், ஆனால் 4.45க்கு முடித்துவிடுங்கள். 33 நிமிடம்தான் கிடைத்தது என்பது அவருக்கே தெரியும். பாவம் என்று ஐந்து மணி வரை நீட்டினால், தாமதமாக வந்தாலும் எதுவும் குறையாது என்றாகிவிடும். உங்கள் பழைய அனுபவம் திரும்ப அது ஒன்றே போதும். அதற்குப் பிறகும் தாமதமானால், “இந்த நேரம் உங்களுக்குச் சரிப்படவில்லையோ? மாற்றலாமா?” என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலைதான் இழுத்துக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்குள் பதில் வரவில்லை என்றால் திங்களன்று ஒரே ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா? மூன்றாவது மின்னஞ்சல் வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள். இந்த ஏற்பாட்டை அலுவலகம் அவர் தலையில் வைத்திருக்கலாம், அவராகக் கேட்டிருக்க மாட்டார். அப்படியானால் எந்த நேரம் என்று பேசுவதற்கு முன், இந்த ஆறு மாதத்தில் உங்களிடமிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.